கேட்டுக்கொள்வது யார்?

ஒரு கல்லூரியில் இப்படி ஒரு சுற்றறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் பதிவேற்றம் செய்தல் தொடர்பாக' என்று பொருள் குறிக்கப்பட்டிருக்கிறது. கீழே மூன்று வாக்கியங்கள்: "அனைத்துத் துறைத் தலைவர்களும் தங்கள் துறை மாணவர்களின் அகமதிப்பீட்டு மதிப்பெண்களை வருகிற 15ஆம் தேதி மாலை 5 மணிக்குள் பதிவேற்றம் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதனை மிக அவசரம் எனக் கருதுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். காலதாமதம் கடுமையாகக் கருதப்படும்." அடியில் 'முதல்வருக்காக' என்று அச்சிட்ட இடத்தில் யாரோ சுருக்கொப்பம் இட்டிருக்கிறார்கள்.

இதில் குறை காணப் பலருக்கும் தோன்றாது. தமிழ்நாட்டின் அரசு அலுவலகங்கள், கல்லூரிகள், வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் இந்த நடையில்தான் எழுதுகின்றன. ஆங்கிலத்தில் எழுதும் அலுவலகங்களிலும் இதே நடைதான்: 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு', 'ஆல் ஆர் ரிக்வெஸ்டட் டு'. அதன் உறவாக 'ஐ ஆம் டைரக்டட் டு', 'ஐ ஆம் ரிக்வெஸ்டட் பை' என்ற இரண்டும் உண்டு. தமிழில் இவை 'கேட்டுக்கொள்ளப்படுகிறது', 'அறிவுறுத்தப்படுகிறது', 'தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்' என்று நிலைபெற்றுவிட்டன. இந்தச் செயப்பாட்டு வினைகள் சுற்றறிக்கையில் ஏதாவது வேலை செய்கின்றனவா, அல்லது வேலையைக் கெடுக்கின்றனவா என்று எடைபோட்டுப் பார்ப்பதே என் நோக்கம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துத் தள்ளிவிட முடியாது. இவற்றில் ஒன்றுக்கு உண்மையான காரணம் இருக்கிறது.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். உள் சுற்றறிக்கை பொது அறிவிப்பைப் போன்றதல்ல. படிப்பவருக்கு எழுதியவரைத் தெரியும், நாளைக்கு அவரை நடைகூடத்தில் பார்ப்பார். படித்ததும் ஒரு வேலையைச் செய்தாக வேண்டும், முடியாவிட்டால் யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும். ஆகவே என்ன, எப்போதைக்குள் என்பதோடு இன்னும் மூன்று விவரம் அவருக்குத் தேவை. கேட்பது யார்? இது கட்டாயமா, விருப்பமா? ஐயம் வந்தாலோ அவகாசம் வேண்டுமென்றாலோ யாரை அணுகுவது? மேலே உள்ள சுற்றறிக்கை என்ன, எப்போது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. மற்ற மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. மதிப்பெண் முதல்வருக்கு வேண்டுமா, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கா, பல்கலைக்கழகத்துக்கா என்று தெரியவில்லை. கேட்டுக்கொள்வதாகச் சொல்கிறது, மூன்றாம் வாக்கியத்தில் மிரட்டுகிறது. ஒரு துறையில் செய்முறைத் தேர்வு 16ஆம் தேதிதான் முடிகிறது என்றால் அந்தத் துறைத் தலைவர் யாரிடம் பேசுவது என்பதற்கும் வழியில்லை.

இந்த நடைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதங்களில் வலிமையானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது 'பணிக்கப்பட்டுள்ளேன்' என்பதற்கான வாதம். அரசின் ஆணை ஓர் அதிகாரியின் சொந்த விருப்பமாக வெளிவரக் கூடாது என்பது அரசமைப்பின் ஏற்பாடு. மாநில அரசின் நிர்வாக நடவடிக்கை எல்லாம் ஆளுநரின் பெயரால் எடுக்கப்பட்டதாகவே சொல்லப்பட வேண்டும் என்கிறது உறுப்பு 166. ஒன்றிய அரசுக்கும் குடியரசுத் தலைவருக்கும் அதையே உறுப்பு 77 சொல்கிறது. அரசாணையின் முடிவில் '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று பார்க்கிறோமே, அது இதன் விளைவு. ஒன்றியத் தலைமைச் செயலகத்தின் அலுவலக நடைமுறை நூலும் இந்த அடிப்படையில்தான் வகுக்கப்பட்டது. அரசின் கருத்தையோ ஆணையையோ தெரிவிக்கும் கடிதம், அரசின் பணிப்பின்பேரில் எழுதப்படுவதாகத் தானே சொல்ல வேண்டும் என்கிறது அந்த நூல். சார்புச் செயலாளர் ஒருவர் கையொப்பமிடும் கடிதத்தில் 'பணிக்கப்பட்டுள்ளேன்' என்று வருவதால், அதில் உள்ள முடிவு அவருடையது அன்று, அதை எடுக்கும் அதிகாரமுள்ள அரசுடையது என்று பெறுபவருக்குத் தெரிகிறது. ஆங்கிலேயர் காலத்துச் செயலகக் கடிதங்களில் ஆளுநரின் பெயரைச் சொல்லி எழுதிய வழக்கத்தின் தொடர்ச்சி இது.

இங்கே செயப்பாட்டு வினை நேர்மையாக உழைக்கிறது. கையொப்பமிட்டவர் வேறு, முடிவெடுத்தவர் வேறு என்ற உண்மையை அது சொல்கிறது. முடிவெடுத்தவர் யார் என்பதையும் மறைக்கவில்லை. அதே நடைமுறை நூல், நேர்முகக் கடிதத்துக்கு வேறு நடையை வகுத்திருக்கிறது. அது தன்மையில், ஓர் அதிகாரி இன்னொரு அதிகாரியிடம் பேசுவதுபோல் எழுதப்படுவது. அதாவது எங்கே பிறர் பெயரால் பேசுகிறோமோ அங்கே ஒரு நடை, எங்கே நம் பெயரால் பேசுகிறோமோ அங்கே வேறு நடை என்ற பாகுபாடு தொடக்கத்திலேயே இருந்தது. அந்தப் பாகுபாட்டை மறந்து எல்லா இடத்துக்கும் ஒரே நடையைப் பரப்பியதுதான் பிழை. தன் பிரிவு ஊழியர்கள் காலை 10 மணிக்கு வர வேண்டும் என்று தானே முடிவெடுத்த மேலாளருக்கு 'அறிவுறுத்தப்படுகிறது' என்று எழுத எந்தக் காரணமும் இல்லை. அவரை யாரும் பணிக்கவில்லை.

இன்னொரு சீர்கேடும் உண்டு. பணித்தவரின் பெயரும் கடித எண்ணும் இருக்கும்வரைதான் 'பணிக்கப்பட்டுள்ளேன்' நேர்மையானது. அவை உதிர்ந்ததும் அது 'மேலிடத்திலிருந்து அறிவுறுத்தப்பட்டுள்ளது' என்று ஆகிறது. மேலிடம் என்பது எந்த இடம்? பள்ளிக் கல்வித் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநரின் செயல்முறைகள் முதன்மைக் கல்வி அலுவலருக்கு வருகின்றன. அவரிடமிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அவரிடமிருந்து தலைமையாசிரியருக்கு, பிறகு வகுப்பாசிரியருக்கு. ஒவ்வொரு படியிலும் கெடு ஒன்றிரண்டு நாள் முன்னால் இழுக்கப்படும், கூடவே ஒரு படிவமும் சேரக்கூடும். இயக்குநர் மாத இறுதிக்குள் கேட்ட புள்ளிவிவரம் ஆசிரியரிடம் வரும்போது 'இன்று மாலை 4 மணிக்குள்' என்று நிற்கலாம். எந்தப் படியில் எது சேர்ந்தது என்பது ஆசிரியருக்குத் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு அலுவலரும் தான் கேட்பதைத் தான் கேட்பதாக எழுதியிருக்க வேண்டும். எல்லாப் படியிலும் 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்றே இருந்தால் மேலே உள்ளவர் ஆணையும் நடுவில் உள்ளவர் சேர்த்த நிபந்தனையும் ஒரே குரலில் கேட்கின்றன. திருத்தவோ அவகாசம் கேட்கவோ எந்தக் கதவைத் தட்டுவது என்று கீழே உள்ளவருக்குத் தெரியாது.

'ஐ ஆம் ரிக்வெஸ்டட் பை' இதற்குத் தம்பி. நிதி அலுவலர் சொன்னதைப் பணியாளர் பிரிவு எல்லாருக்கும் அனுப்புகிறது, நூலகர் சொன்னதை முதல்வர் அலுவலகம் அனுப்புகிறது என்ற சூழ்நிலையில் இது பிறக்கிறது. கேட்டவர் பெயர் இதில் வந்துவிடுகிறது என்பதால் இதன் மீது எனக்குக் கோபம் குறைவு. ஆனால் எழுதியவரின் நிலை மங்கலாகிவிடுகிறது. அவர் இதை ஏற்று வலியுறுத்துகிறாரா, வெறுமனே கைமாற்றுகிறாரா? பதவியில் முதல்வர் நூலகருக்கு மேல். நூலகர் கேட்டதை முதல்வர் அனுப்பும்போது அது நூலகரின் வேண்டுகோளாகவே இருக்கிறதா, முதல்வரின் ஆணையாக மாறிவிட்டதா என்பது படிப்பவருக்கு முக்கியம். தமிழில் இதற்குச் செயப்பாட்டு வினையே தேவையில்லை. 'நிதி அலுவலர் கேட்டுக்கொண்டபடி இதைத் தெரிவிக்கிறேன். ஐயங்களுக்கு அவரையே அணுகவும்' என்றால் இரண்டு பேரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். '-படி', 'இணங்க', 'பேரில்' என்று பிறர் சொல்லைச் சுமக்கத் தமிழில் போதுமான வழிகள் இருக்கின்றன. 'கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறேன்' என்று இயல்பாகப் பேசும் தமிழரை நான் பார்த்ததில்லை.

இனி 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்பதற்கே வருகிறேன். இதன் மேல் என் முதல் குற்றச்சாட்டு, இது ஆணைக்கும் வேண்டுகோளுக்கும் உள்ள வேலியைப் பிடுங்கிவிடுகிறது என்பது. அந்த வேலி வெறும் மரியாதை சார்ந்ததன்று. வேலை தருபவருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான நடத்தை விதிகளுக்காக 1946ஆம் ஆண்டு விதிகளில் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள், ஒழுங்கீனங்களின் பட்டியலில் கீழ்ப்படியாமையைச் சேர்த்திருந்தன. மேலதிகாரி ஒருவரின் சட்டப்படியான, நியாயமான ஆணைக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாதிருப்பதே குற்றம் என்பது அதன் சாரம். அதில் மூன்று தேவைகள் இருப்பதைக் கவனியுங்கள்: ஓர் ஆணை இருக்க வேண்டும், அது மேலதிகாரியிடமிருந்து வந்திருக்க வேண்டும், அது சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும். நம் கல்லூரிச் சுற்றறிக்கையில் முதல் இரண்டும் ஐயத்துக்குரியவை. கேட்டுக்கொண்டதாக இருக்கிறது, ஆணையிட்டதாக இல்லை. கேட்டவர் யார் என்றும் இல்லை. மதிப்பெண் தராத துறைத் தலைவரிடம் விளக்கம் கேட்டால், 'என்னைக் கேட்டுக்கொண்டார்கள், இயலவில்லை' என்று அவர் எழுதலாம். அந்தப் பதிலைச் சாதுரியம் என்று ஒதுக்கிவிட முடியாது, அறிக்கையில் இருந்ததைத்தான் அவர் படித்திருக்கிறார். ஆணையிட வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்ட நிர்வாகம், பிறகு அதை ஆணையாகக் காட்டச் சிரமப்படும்.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் பெரிய கவலை. டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடிநாள். 1949ஆம் ஆண்டு முதல் கடைப்பிடிக்கப்படும் இந்த நாளையொட்டி முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பத்தினர் நலனுக்காக நிதி திரட்டுகிறார்கள். நல்ல நோக்கம், ஆனால் கொடை என்பது விரும்பிக் கொடுப்பது. இதற்காக அலுவலகத்தில் சுற்றும் தாளில் 'அனைத்துப் பணியாளர்களும் தாராளமாக நிதி வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக உதவியாளர் அதை எப்படிப் படிப்பார்? சென்ற வாரம் வருகைப் பதிவேட்டில் 10 மணிக்குள் கையொப்பமிடச் சொன்ன தாளிலும் இதே வினைதான் இருந்தது, அது கட்டாயம். அதற்கு முன் அடையாள அட்டை அணியச் சொன்ன தாளிலும் இதே வினை, அதுவும் கட்டாயம். எனவே இதுவும் கட்டாயம்தான் என்று பையிலிருந்து பணத்தை எடுப்பார். ஆணைக்கு வேண்டுகோளின் உடையைப் போட்டுப் போட்டு, உண்மையான வேண்டுகோள் வரும்போது அதை யாரும் அடையாளம் காணமுடியாமல் செய்துவிட்டோம். மறுக்கும் உரிமை உள்ளவருக்கு அந்த உரிமை இருப்பதே தெரியாமல் போகிறது. 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்பது பணிவான சொல் என்று வாதிடுபவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் இது.

பணிவு என்ற வாதத்தை நான் எளிதாகக் கடக்க விரும்பவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் பேராசிரியர்களுக்குச் சுற்றறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் ஓர் உதவியாளர் மூத்த மருத்துவர்களுக்குக் குறிப்பு அனுப்ப வேண்டியிருக்கிறது. 'நான் கேட்கிறேன்' என்று எழுதினால் தன் நிலைக்கு மீறியதாகத் தோன்றுமோ என்று அவர்கள் தயங்குவது இயல்பு. தன்மை இடத்தை மறைத்துவிட்டு அலுவலகத்தின் பின்னால் நிற்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மருந்து பொருந்தவில்லை. கண்காணிப்பாளர் தன் சொந்த விருப்பத்தை எழுதவில்லை, முதல்வருக்காக எழுதுகிறார். அப்படியானால் முதல்வரின் பெயரையே சொல்லலாம்: 'முதல்வர் அவர்களின் அறிவுரைப்படி'. அது அவருக்கு இன்னும் நல்ல பாதுகாப்பு. சொந்தமாகவே கேட்கிறார் என்றால், தமிழில் பணிவைத் தருபவை 'தாங்கள்', 'அருள்கூர்ந்து', 'அனுப்பித் தர வேண்டுகிறேன்' போன்றவை. அவற்றோடு காரணத்தைச் சொல்வது. 'பல்கலைக்கழகத்துக்கு 18ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டியிருப்பதால்' என்ற ஒரு தொடரில் இருக்கும் மரியாதை, காரணம் சொல்லாத எந்தச் செயப்பாட்டு வினையிலும் இல்லை. காரணம் சொல்லும்போது எதிரில் இருப்பவரை யோசிக்கத் தெரிந்தவராக நடத்துகிறோம்.

அலுவலகம்தான் பேசுகிறது, ஆள் பேசவில்லை, ஆள் மாறினாலும் ஆணை நிற்க வேண்டும் என்பது இன்னொரு வாதம். நியாயமானதே. அதற்குப் பதவிப் பெயர் போதும். 'தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கோருகிறார்' என்ற வாக்கியம் அடுத்த ஆண்டு வேறொருவர் அந்த நாற்காலிக்கு வந்தாலும் செல்லும்.

இலக்கணத்திலும் இந்த நடை தமிழில் தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றம் பொருளையே பாதிக்கிறது. 'கண்ணன் பாம்பைக் கொன்றான்' என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் 'பாம்பு கண்ணனால் கொல்லப்பட்டது' என்று வரும்; 'பாம்பை' என்பதில் இருந்த 'ஐ' போய்விடும். ஆகவே 'பணியாளர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பது இலக்கணப்படி சரி. ஆனால் 'தாங்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று எழுதும்போதே அதன் விறைப்பு தெரிகிறது. அதைத் தவிர்க்க, 'பணியாளர்களைக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதுகிறார்கள். 'ஐ'யும் இருக்கிறது, செயப்பாட்டு வினையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. இதையும் தவிர்க்க எண்ணுபவர்கள் பணியாளர்களையே எடுத்துவிட்டு 'மதிப்பெண்களைப் பதிவேற்றம் செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று முடிக்கிறார்கள். இதுதான் இன்று மிகப் பரவலான வடிவம், இதுதான் மிக மோசமானதும். ஆங்கிலத் தொடரில் கேட்பவர் மறைந்தாலும் 'யூ' என்று கேட்கப்படுபவராவது எஞ்சுவார். தமிழ் வடிவத்தில் இருவருமே இல்லை. பதிவேற்றம் செய்ய வேண்டியவர் துறைத் தலைவரா, பாட ஆசிரியரா, அலுவலக எழுத்தரா என்று சொல்லாமலே வாக்கியம் இலக்கணப் பிழையின்றி முடிந்துவிடுகிறது. கெடு நாளன்று ஒவ்வொருவரும் இன்னொருவர் செய்வார் என்று நினைத்திருந்ததாகச் சொன்னால், அவர்கள்மேல் மட்டும் பழி போட முடியாது.

இத்தனைக்கும் தமிழில் அலுவலகத்துக்கு ஏற்ற நேரான வடிவங்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. 'அனுப்ப வேண்டும்' என்றால் கட்டாயம். 'அனுப்பவும்' என்றால் வழக்கமான அலுவல் சார்ந்த அறிவிப்பு. அதில் அதட்டலும் இல்லை, குழைவும் இல்லை. 'அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்றால் கையொப்பமிட்டவர் கேட்கிறார், பெறுபவர் முடியாது என்றும் சொல்லலாம். 'விரும்புவோர் அனுப்பலாம்' என்றால் முழு விருப்பம். இந்த நான்கையும் எந்தத் தமிழரும் குழப்பிக்கொள்ள மாட்டார். 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' இந்த நான்கின் இடத்தையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கிடையே இருந்த வேறுபாட்டை அழித்திருக்கிறது.

தொடக்கத்தில் பார்த்த சுற்றறிக்கையை இந்த அளவுகோலின்படி மாற்றி எழுதிப் பார்க்கலாம். மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், முதல்வர் ஆணையிட்டிருக்கிறார், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தொகுக்கிறார் என்று கொள்வோம். "அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு 18ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டியுள்ளது. எனவே, முதல்வரின் ஆணைப்படி, ஒவ்வொரு துறைத் தலைவரும் தம் துறை மதிப்பெண்களை 15ஆம் தேதி மாலை 5 மணிக்குள் பதிவேற்ற வேண்டும். செய்முறைத் தேர்வு முடியாத துறைகள் 13ஆம் தேதிக்குள் என்னிடம் தெரிவிக்கவும்." கீழே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பெயர், கையொப்பம், அறை எண்.

பழையதைவிட இது சில சொற்களே நீளம். ஆணை யாருடையது, தொகுப்பவர் யார், செய்ய வேண்டியவர் யார், ஏன், முடியாவிட்டால் யாரிடம், எந்த நாளுக்குள் என்பதெல்லாம் இதில் இருக்கின்றன. மிரட்டலுக்கு இடமே வரவில்லை. பழைய வடிவத்தில் 'கடுமையாகக் கருதப்படும்' என்ற வாக்கியம் தேவைப்பட்டதே, 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பதில் ஆணையின் எடை இல்லை என்று எழுதியவருக்கே தெரிந்ததால்தான் என்று நான் கருதுகிறேன். 'வேண்டும்' என்று ஒழுங்காகச் சொன்ன இடத்தில் அதட்டல் தேவையில்லை.

இப்படி எழுதுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கேட்பவர் தன்னைக் காட்டிக்கொண்டால் கேள்விகள் அவரிடம் வரும். ஏன் 15, ஏன் 17 கூடாது என்று கேட்பார்கள். தேவையில்லாத படிவத்தைக் கேட்டவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். சில அலுவலர்கள் செயப்பாட்டு வினையை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பதில் சொல்ல அஞ்சும் கோரிக்கையை அனுப்பாமல் இருப்பதே நல்லது. அந்தக் கேள்விகள் வருவதால் அலுவலகத்துக்கு நட்டமில்லை.

என் தீர்ப்பு இதுதான். 'பணிக்கப்பட்டுள்ளேன்' இருக்கட்டும், பணித்தவரின் பதவியும் ஆணையின் எண்ணும் நாளும் அதே தாளில் இருக்கும்போது மட்டும். 'ஐ ஆம் ரிக்வெஸ்டட் பை' என்பதன் வேலையை 'இன்னார் கேட்டுக்கொண்டபடி தெரிவிக்கிறேன்' என்பது முழுமையாகச் செய்கிறது, ஆகவே அது தமிழுக்குத் தேவையில்லை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்பதற்கு உள் சுற்றறிக்கையில் இடமே இல்லை. அடுத்த சுற்றறிக்கையை எழுதப்போகிறவர்களிடம் ஒன்று வேண்டுகிறேன்: அந்த வினையை எழுதக் கை போகும்போது நிறுத்தி, கேட்பது யார், மறுக்கலாமா என்ற இரண்டுக்கும் விடையை முதலில் எழுதிவிடுங்கள்.